‘கெட்டி’ என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு குணங்கள்: ஒரு ஹேக்ஸா பிளேடை வைத்துப் பிரித்தறிவது எப்படி?

டிப்ளமோ மெக்கானிக்கல் இரண்டாம் வருடம், மெட்டீரியல் டெஸ்டிங் லேப் வைவா. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் மேசையில் கிடந்த ஹேக்ஸா பிளேடை எடுத்துக் காட்டினார்.

“இது ஸ்ட்ராங்கா?”

“ஸ்ட்ராங் சார்.”

“ஹார்டா?”

“ஹார்ட் சார்.”

“டஃப்பா?”

“ரொம்ப டஃப் சார்.”

பிளேடை வைஸில் செருகி இறுக்கினார். பழைய துணி ஒன்றை மேலே போட்டு, சுத்தியலால் பக்கவாட்டில் ஒரு தட்டு. டப்பென்று இரண்டாக ஒடிந்தது. “எங்கப்பா டஃப்?” என்று கேட்டுவிட்டு மார்க் ஷீட்டில் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்பது ரிசல்ட் வந்தபோது தெரிந்தது.

அந்தப் பேப்பரை மறுபடி எழுத ஆறு மாதம் காத்திருந்தேன். அந்த ஆறு மாதத்தில் வீட்டிலும் ஒர்க்‌ஷாப்பிலும் செய்து பார்த்துப் புரிந்துகொண்டதைத்தான் வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறேன். ஒரு மாலைப்பொழுதும் நூறு ரூபாய்க்குள் செலவும் போதும். முடிந்தால் லேப் தொடங்குவதற்கு முந்தைய வாரமே செய்துவிடுங்கள்.

## 1. முதலில் ‘கெட்டி’ என்ற சொல்லை ஓரமாக வையுங்கள்

நம் குழப்பத்தில் பாதி மொழியால் வருவது. தேங்காய் ஓடு கெட்டி, கயிறு கெட்டி, கதவு கெட்டி, பாறை கெட்டி. நான்கு இடத்தில் நான்கு வேறு பொருள், சொல் மட்டும் ஒன்றே. அகராதியைப் பார்த்தாலும் ஹார்ட்னஸுக்கும் டஃப்னஸுக்கும் ‘கடினத்தன்மை’ என்றே சில இடங்களில் போட்டிருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் ஸ்டிஃப்னஸை விறைப்பு என்றும், ஸ்ட்ரெங்த்தை வலிமை என்றும், ஹார்ட்னஸைக் கடினம் என்றும் சொல்கிறேன். டஃப்னஸை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

நான்கையும் நான்கு கேள்விகளாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விறைப்பு: எடை வைத்தால் எவ்வளவு வளைகிறது? வலிமை: எவ்வளவு எடை வரை தாங்கிவிட்டுப் பழையபடி நிமிர்கிறது? கடினம்: மேற்பரப்பில் கீறலோ குழியோ போட முடிகிறதா? டஃப்னஸ்: உடைப்பதற்கு மொத்தமாக எவ்வளவு ஆற்றல் செலவழிக்க வேண்டியிருக்கிறது?

நான்கும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றில் பாஸான பொருள் இன்னொன்றில் பெயிலாகலாம். ஜன்னல் கண்ணாடியையும் அலுமினியத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் விறைப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான், யங் குணகம் ஏறக்குறைய 70 கிகாபாஸ்கல். ஆனால் அலுமினியத் தூக்குவாளி கீழே விழுந்தால் நசுங்கும், கண்ணாடி டம்ளர் விழுந்தால் துடைப்பம் தேட வேண்டும்.

## 2. வாங்க வேண்டியவை

ஹார்டுவேர் கடையில் 12 அங்குல ஹேக்ஸா பிளேடு இரண்டு வாங்குங்கள். இங்கேதான் முதல் பொறி இருக்கிறது. கடையில் மூன்று நான்கு ரகம் இருக்கும். ‘ஃப்ளெக்ஸிபிள்’ என்று போட்டிருப்பதில் பல் மட்டும்தான் கடினம், முதுகுப் பக்கம் மென்மையாக இருக்கும். ‘பை-மெட்டல்’ என்பது இரண்டு உலோகத்தை ஒட்டியது. ‘ஹெச்.எஸ்.எஸ்.’ என்று போட்டிருந்தால் அது ஹை ஸ்பீட் ஸ்டீல், அடுப்பில் காய்ச்சிச் சும்மா ஆறவிட்டால் மென்மையாகாது. இந்த மூன்றும் நமக்கு ஆகாது. முழுவதும் கடினப்படுத்திய, சாதாரணக் கார்பன் ஸ்டீல் பிளேடுதான் வேண்டும். பெரும்பாலும் கடையில் இருப்பதிலேயே மலிவானது அதுதான். நான் முதல் தடவை ‘நல்லதா குடுங்கண்ணே’ என்று கேட்டு ஹெச்.எஸ்.எஸ். பிளேடு வாங்கி வந்து, காய்ச்சிக் காய்ச்சி கேஸைத் தீர்த்ததுதான் மிச்சம்.

கூடவே ஒரு பாக்கெட் தையல் ஊசி, ஒரு உப்புத்தாள். அரம், குறடு, வைஸ், மைக்ரோமீட்டர் எல்லாம் உங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே இருக்கும். இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லிவிட்டு, கண் கண்ணாடி மாட்டிக்கொண்டு செய்யுங்கள். ஒடியும் பிளேடின் சில்லு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

## 3. விறைப்பு: 100 கிராம் தொங்கவிட்டு அளந்து பாருங்கள்

பிளேடின் மேல் பெயின்ட் இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, மைக்ரோமீட்டரில் தடிமனை அளந்து எழுதுங்கள். என் பிளேடு 0.65 மி.மீ. தடிமன், 12.7 மி.மீ. அகலம்.

பிளேடைப் படுக்கையாக வைஸில் கவ்வவையுங்கள். வைஸ் வாயின் விளிம்பிலிருந்து பிளேடின் நுனித் துளை வரை சரியாக 150 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டு இருக்கட்டும். பின்னால் ஒரு அட்டையை நிறுத்தி, துளை இருக்கும் உயரத்தைப் பென்சிலால் குறியுங்கள். இப்போது துளையில் நூல் கட்டி 100 கிராம் எடை தொங்கவிட்டு, எவ்வளவு இறங்கியது என்று அளங்கள்.

கணக்கு இப்படி. கேன்டிலீவர் சூத்திரம் உங்களுக்குத் தெரிந்ததுதான்:

```
δ = P L³ / (3 E I)
I = b t³ / 12
```

I என்பது 12.7 × 0.65³ ÷ 12, அதாவது 0.29 மி.மீ.⁴. P என்பது 0.981 நியூட்டன், L 150 மி.மீ., ஸ்டீலுக்கு யங் குணகம் E 200 கிகாபாஸ்கல், அதாவது 2,00,000 நியூட்டன்/ச.மி.மீ. எல்லாம் போட்டால் 19 மி.மீ. வருகிறது. எனக்கு அளவில் 20 வந்தது. பல் பக்கம் கொஞ்சம் உலோகம் இல்லாததால் அந்தச் சின்ன வித்தியாசம்.

உங்களுக்கு 24, 25 என்று வந்தால் பயப்பட வேண்டாம், தடிமனைத் திரும்ப அளங்கள். சூத்திரத்தில் தடிமன் மூன்று மடிப்பெருக்கமாக நிற்கிறது. 0.65 என்று நினைத்தது உண்மையில் 0.60 ஆக இருந்தாலே விடை கால்வாசிக்கு மேல் மாறிவிடும். ஸ்கேலால் தடிமன் அளப்பவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

அதே பிளேடை இப்போது செங்குத்தாகத் திருப்பிக் கவ்வவைத்து, அதே 100 கிராமைத் தொங்கவிடுங்கள். அசைவதே தெரியாது. அகலத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கம் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 380 மடங்கு, விறைப்பு கூடிவிட்டது. ஸ்டீல் என்னவோ அதே ஸ்டீல்தான். ஆக, ‘இந்தப் பொருள் விறைப்பானது’ என்று ஒருவர் சொன்னால் மெட்டீரியலைச் சொல்கிறாரா, வடிவத்தைச் சொல்கிறாரா என்று கேட்க வேண்டும். மெட்டீரியலின் விறைப்பு E-யில் இருக்கிறது, வடிவத்தின் விறைப்பு I-யில் இருக்கிறது. படுத்தால் தொங்குகிற தென்னை ஈர்க்கு விளக்குமாறாகக் கட்டினால் நிமிர்ந்து நிற்பதும் இதே கதைதான்.

## 4. வலிமை: எந்த எடையில் நிமிர மறுக்கிறது?

எடையை எடுத்துவிட்டால் பிளேடு பென்சில் குறிக்கே திரும்பியிருக்கும். 100 கிராமில் வைஸ் விளிம்பருகே பிளேடின் மேற்பரப்பில் வரும் தகைவைக் கணக்கிடலாம். வளைதிருப்பம் 0.981 × 150, அதாவது 147 நியூட்டன் மி.மீ. அதை b t² / 6-ஆல், அதாவது 0.894-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 165 மெகாபாஸ்கல்.

இனி 200, 300 கிராம் என்று கூட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் எடையை இறக்கிவிட்டு, பழைய குறிக்கு வருகிறதா என்று பாருங்கள். 300 கிராமில் தகைவு 490 மெகாபாஸ்கலைத் தாண்டுகிறது. சாதாரண மைல்டு ஸ்டீல் இவ்வளவு தாங்காது, கட்டடங்களுக்கு வாங்கும் 250 ரகத் தகடு அதன் பாதியிலேயே விட்டுக்கொடுத்துவிடும். நம் பிளேடோ வில் மாதிரி வளைந்துவிட்டு, எடையை எடுத்ததும் டங்கென்று நிமிர்கிறது. 300 கிராமில் வளைவு ரொம்பப் பெரிதாகிவிடுவதால் மேலே சொன்ன சூத்திரம் அவ்வளவு துல்லியமாக இருக்காது, சுமாரான கணக்குதான்.

இந்தப் படியில் எழுத வேண்டியது வளைந்த அளவு அல்ல, எடையை இறக்கிய பிறகு மிஞ்சிய வளைவு. நான் முதல் தடவை வளைந்த அளவை எழுதிவிட்டு ‘வலிமை குறைவு’ என்று ரெக்கார்டில் போட்டேன். அப்படிப் பார்த்தால் ரப்பர் பேண்டுக்கு வலிமையே கிடையாது என்றாகிவிடும். நிறைய வளைவது ஒரு குற்றமில்லை, திரும்பி வராததுதான் விஷயம்.

## 5. அதே பிளேடை அடுப்பில் காய்ச்சுங்கள்

முழுக் கட்டுரையிலும் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது பிளேடை எடுத்து, வைஸ் கவ்வும் இடத்திலிருந்து நுனிப் பக்கமாக ஐந்தாறு செ.மீ. நீளத்தைக் கேஸ் அடுப்புத் தீயில் காட்டுங்கள். முழுப் பிளேடையும் காய்ச்ச வீட்டு அடுப்பில் முடியாது, தேவையும் இல்லை. வளைதிருப்பம் அதிகமாக இருப்பது வேர்ப் பகுதியில்தான், அங்கே என்ன ஆகிறதோ அதுதான் பிளேடின் கதி. நன்றாகச் சிவந்ததும் ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்து, காய்ந்த சாம்பலிலோ மணலிலோ புதைத்துவிடுங்கள். அரைமணி நேரம் தொடாதீர்கள். தண்ணீரில் போட்டால் எல்லாம் கெட்டது, திரும்பவும் கடினமாகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் உலைக்களம் இருந்தால் அங்கேயே செய்யுங்கள். வீட்டு அடுப்பில் செய்தால் பெயின்ட் கருகும் நாற்றத்துக்கு அம்மாவிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆறியதும் மேலே படிந்த கருப்புப் பொருக்கை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, தடிமனைத் திரும்ப அளங்கள். பிறகு அதே வைஸ், அதே 150 மி.மீ., அதே 100 கிராம்.

எவ்வளவு இறங்கும் என்று நினைக்கிறீர்கள்? நான் என் நண்பனிடம் ஒரு டீ பந்தயம் கட்டினேன், ‘மென்மையாகிவிட்டதால் இரண்டு மடங்கு இறங்கும்’ என்று. இறங்கியது அதே 20 மி.மீ. டீ நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

விறைப்பு மாறவில்லை. இரும்பு அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்பு எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது E. காய்ச்சி ஆறவைப்பது அந்தப் பிணைப்பை மாற்றுவதில்லை. அதனால் மைல்டு ஸ்டீல் ஆணியோ, ஸ்பிரிங் ஸ்டீலோ, டி.எம்.டி. கம்பியோ, எல்லாவற்றுக்கும் E ஏறக்குறைய 200தான்.

இப்போது எடையைக் கூட்டுங்கள். எனக்கு 300 கிராமை இறக்கிய பிறகு நுனி 5 மி.மீ. கீழேயே நின்றுவிட்டது. உங்களுக்கு நிமிர்ந்துவிட்டால் இன்னும் 100 கிராம் சேர்த்துப் பாருங்கள். எங்கேயோ ஓரிடத்தில் பிளேடு ‘போதும்’ என்று உட்கார்ந்துவிடும். வலிமை குறைந்துவிட்டது, ஏனென்றால் அது வேறு விஷயத்தைப் பொறுத்தது: அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதை உள்ளமைப்பு எவ்வளவு தடுக்கிறது என்பதை. காய்ச்சியபோது அந்தத் தடைகளைத்தான் கலைத்தோம்.

வேலையில் சேர்ந்த பிறகும் இது உதவும். ஒரு ஷாஃப்ட் அதிகமாக வளைகிறது என்று யாராவது சொன்னால், உடனே ‘ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணிடலாம்’ என்பார்கள். பணம்தான் போகும். வளைவைக் குறைக்க விட்டத்தைக் கூட்ட வேண்டும், அல்லது தாங்கும் இடைவெளியைக் குறைக்க வேண்டும். வளைந்தது நிமிராமல் போகிறது என்றால்தான் ஹீட் ட்ரீட்மென்ட் பேச்சு.

## 6. கடினம்: அரம் வழுக்குகிறதா, கடிக்கிறதா?

காய்ச்சாத பிளேடின் விளிம்பில் அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுங்கள். கண்ணாடி மேல் இழுப்பது போல வழுக்கும், ஒருவிதமாகக் கிரீச்சிடும், உலோகத் தூள் விழாது. காய்ச்சிய இடத்தில் இழுங்கள். அரம் கடித்துப் பிடிக்கும், கீழே வைத்த வெள்ளைத் தாளில் தூள் விழும். ஹீட் ட்ரீட்மென்ட் கடைகளில் பெரிய மெஷினுக்குப் போவதற்கு முன் பழைய ஆட்கள் செய்து பார்ப்பதும் இதைத்தான். அரம் நல்ல அரமாக இருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப் மூலையில் பல் தேய்ந்து கிடக்கும் அரம் எதன் மேலும் வழுக்கும்.

காலேஜ் லேபில் இதையே ராக்வெல் மெஷினில் செய்வீர்கள். உற்சாகத்தில் இந்தப் பிளேடைக் கொண்டுபோய் ராக்வெல் சி அளவில் வைக்காதீர்கள். குழியின் ஆழத்தைப் போலக் குறைந்தது பத்து மடங்கு தடிமன் துண்டுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. சி அளவில் 60 காட்டும் துண்டில் வைர முனை விட்டுப்போகும் குழி, 100-லிருந்து 60-ஐக் கழித்து 0.002-ஆல் பெருக்கினால், 0.08 மி.மீ. அதற்குப் பத்து மடங்கு 0.8 மி.மீ. நம் பிளேடு 0.65தான். அடியில் இருக்கும் ஆன்வில்லையும் சேர்த்து அளந்துகொண்டிருப்பீர்கள். அளந்த பிறகு துண்டைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் புடைப்பு தெரிந்தால் அந்த ரீடிங் செல்லாது.

ஸ்டீலில் கடினமும் வலிமையும் கூடவே ஏறும், கூடவே இறங்கும். மேற்பரப்பில் குழி விழுவதும் உள்ளே அடுக்குகள் வழுக்குவதால்தானே. பிரினெல் எண்ணை 3.45-ஆல் பெருக்கினால் இழுவலிமை சுமாராக மெகாபாஸ்கலில் கிடைக்கும். பிரினெல் 200 என்றால் ஏறக்குறைய 690. இதை ஸ்டீலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடி மைல்டு ஸ்டீலைக் கீறும் அளவுக்குக் கடினம்தான். அதற்காகக் கண்ணாடியில் கொக்கி செய்து எடை தூக்குவார் யாரும் இல்லை.

## 7. டஃப்னஸ்: ஒடிக்க எவ்வளவு செலவாகிறது?

இப்போது எக்ஸாமினர் செய்ததைச் செய்யலாம். காய்ச்சாத பிளேடை வைஸில் இறுக்கி, ஈரச் சாக்குத் துணியால் சுற்றி, துணியோடு சேர்த்து மெதுவாக வளைத்துக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் ஒடியும். துண்டுகள் இரண்டையும் மேசையில் வைத்துச் சேர்த்துப் பாருங்கள். உடைந்த சாக்பீஸ் போல, இடைவெளியே தெரியாமல் பொருந்தும், இரண்டும் நேராகவே இருக்கும். முறிந்த முகம் சாம்பல் நிறத்தில், பொடிமணலைத் தூவியது போல இருக்கும். வளைந்தபோது வாங்கிய ஆற்றல் எல்லாம் வில்லாற்றலாகவே இருந்து, ஒடிந்த நொடியில் வெளியே போய்விட்டது.

காய்ச்சிய பிளேடை அதே போல வளையுங்கள். வேர்ப் பகுதி கம்பி போல மடங்கிப் படுத்துக்கொள்ளும். நிமிர்த்தி மறுபடி மடக்க வேண்டும், இப்படி மாற்றி மாற்றிச் செய்தால்தான் ஒடியும். கை வலிக்கும். அந்தக் கைவலிதான் டஃப்னஸ். உடைந்த துண்டுகளைச் சேர்த்தால் கோணல்மாணலாக இருக்கும், பொருந்தாது. ஒரு பொருள் உடைந்ததற்கு முன்னால் நிறைய உருமாறியதா என்று கண்டுபிடிக்க எந்த மெஷினும் வேண்டாம், துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் போதும்.

பிளேடு முழுவதும் தீர்ந்துவிட்டால் தையல் ஊசியிலும் செய்யலாம். ஊசி வாங்கியபடியே ஒடியும், காய்ச்சிச் சாம்பலில் ஆறவிட்டால் மடங்கும். இரண்டு குறடால் பிடித்து, கண் கண்ணாடியோடு.

எண்ணில் பார்ப்போம். தகைவு-திரிபு வரைபடத்துக்குக் கீழே உள்ள பரப்புதான் ஒரு கன செ.மீ. பொருளை இழுத்து முறிக்கச் செலவாகும் ஆற்றல். மைல்டு ஸ்டீல் 250 மெகாபாஸ்கலில், பழையபடி திரும்பாத அளவுக்கு இளக ஆரம்பித்து 410 வரை போய், 23 சதவீதம் நீண்டு முறிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 330, அதை 0.23-ஆல் பெருக்கினால் 76. கன செ.மீ.க்கு 76 ஜூல். கடினப் பிளேடு 1500 மெகாபாஸ்கல் தாங்குகிறது, ஆனால் கொஞ்சம்கூட இளகாமல் ஒடிகிறது என்று வைப்போம். அதன் நீட்சி 1500-ஐ 2,00,000-ஆல் வகுத்தால் 0.0075தான். முக்கோணப் பரப்பு, பாதி × 1500 × 0.0075, அதாவது 5.6 ஜூல். வலிமை மூன்றரை மடங்கு கூடியது, ஒடிக்கும் செலவு 13-ல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. வைவாவில் என்னைக் கவிழ்த்த கேள்விக்கு விடை இந்த ஒரு வரிதான்.

இதைத் தெரிந்தேதான் கல் கொத்துகிறவரின் உளியைக் கொல்லர் நுனியில் மட்டும் கடினப்படுத்துகிறார். நுனி கல்லோடு மோத வேண்டும், அது கடினமாக இருந்தாக வேண்டும். சுத்தியல் விழும் தலைப்பக்கம் அடியை வாங்கி நசுங்கினால் பரவாயில்லை, சில்லாகத் தெறிக்கக் கூடாது. மரத்திலும் இது தெரியும். முருங்கைக் கிளையில் ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் முறியும், புளிய மிலாறை முறிக்கப் பார்த்தால் நார் நாராகப் பிரிந்து நம் பொறுமையைச் சோதிக்கும்.

இன்னொரு சங்கதி, வெட்டு. ஜவுளிக்கடையில் மீட்டர் துணி வாங்கியிருந்தால் பார்த்திருப்பீர்கள். அவர் கத்தரியால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுப் போடுவார், அப்புறம் இரண்டு கையாலும் சர்ரென்று கிழித்துவிடுவார். அந்த வெட்டு இல்லாமல் எவ்வளவு பலசாலியாலும் அதைக் கிழிப்பது சிரமம். விசை முழுவதும் வெட்டின் முனையில் போய்ச் சேருகிறது, அங்கிருக்கும் ஒன்றிரண்டு நூல் மட்டும் மொத்தச் சுமையையும் வாங்குகிறது. லேபில் ஊசல் சுத்தியலால் அடித்து உடைக்கும் ஐசாட், சார்பி தாக்கச் சோதனைத் துண்டுகளில் 2 மி.மீ. ஆழத்துக்கு ‘V’ வெட்டுப் போடுவது இதற்காகத்தான். ‘வெட்டு இருந்தும் எவ்வளவு தாங்குகிறாய்?’ என்று ஸ்டீலைக் கேட்கிறோம். அதனால் சார்பியில் கிடைத்த ஜூலையும் மேலே கணக்கிட்ட 76-ஐயும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. இரண்டும் டஃப்னஸ்தான், ஆனால் கேட்ட கேள்வி வேறு.

## 8. லேபிலும் ரெக்கார்டிலும் சறுக்கும் இடங்கள்

யூ.டி.எம்.மில் இழுவைச் சோதனை செய்து, மெஷின் வரையும் சுமை-நீட்சிக் கோட்டின் சாய்விலிருந்து E கண்டுபிடிக்க ஆசை வரும். எனக்கு 30 சொச்சம் கிகாபாஸ்கல் வந்தது, ஸ்டீலுக்கு! கம்பி மட்டும் நீளவில்லை, பிடிகள் வழுக்கின, மெஷின் சட்டமும் கொஞ்சம் கொடுத்தது, எல்லாம் சேர்ந்து நீட்சிக் கணக்கில் ஏறிவிட்டது. E வேண்டுமென்றால் கம்பியின் மேலேயே எக்ஸ்டென்சோமீட்டர் மாட்ட வேண்டும். அதை இளகும் புள்ளிக்கு முன் கழற்றவும் மறக்காதீர்கள், உடைந்தால் பில் உங்கள் பேட்சுக்கு வரும்.

ஐசாட்டில் துண்டை நிற்க வைத்து, வெட்டு சுத்தியலைப் பார்த்தபடி இருக்கும். சார்பியில் துண்டைப் படுக்க வைத்து, வெட்டு சுத்தியலுக்கு மறுபக்கம் இருக்கும். மாற்றி வைத்தால் மெஷின் ஒன்றும் சொல்லாது, ஒரு எண்ணைக் காட்டிவிட்டுப் போகும், தப்பான எண்ணை. துண்டு வைக்காமல் ஒரு தடவை ஊசலை விட்டு, உராய்வில் போகும் ஜூலைக் குறித்துக்கொண்டு பிறகு கழியுங்கள். ஊசல் ஆடும் தளத்தில் யாரும் நிற்கக் கூடாது, உடைந்த துண்டு அந்தப் பக்கமாகத்தான் பறக்கும்.

ரெக்கார்டில் அலகுகளைக் கவனியுங்கள். E-க்குக் கிகாபாஸ்கல், வலிமைக்கு மெகாபாஸ்கல், தாக்கச் சோதனைக்கு ஜூல். ராக்வெல் எண்ணுக்கு அலகே கிடையாது, ஆனால் பி-யா சி-யா என்று எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமும் கிடையாது. அப்சர்வேஷன் தாளில் அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். ‘அடுத்த வாரம் சேர்த்து வாங்கிக்கலாம்’ என்று விட்டவர்கள் செமஸ்டர் கடைசியில் ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்பதைப் பார்க்கலாம்.

நேரக் கணக்கு: அளப்பதும் எடை தொங்கவிடுவதும் முக்கால் மணி நேரம், காய்ச்சி ஆறவிட நாற்பது நிமிடம், திரும்ப அளந்து ஒடிக்க அரைமணி. ஆறும் நேரத்தில் முதல் பிளேடின் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

ஒடித்த துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். நேராக ஒடிந்தது ஒன்று, மடங்கியது ஒன்று, இரண்டையும் தீப்பெட்டியில் போட்டு இரண்டாவது வைவாவுக்குக் கொண்டுபோனேன். வந்தவர் வேறு எக்ஸாமினர். அவர் கேள்வி கேட்பதற்குள் பெட்டியைத் திறந்து மேசையில் கொட்டினேன். மடங்கிய துண்டை எடுத்து ஒரு தடவை நிமிர்த்தி மடக்கிப் பார்த்தார், “காய்ச்சுனியா?” என்றார். “ஆமா சார்.” “E மாறுச்சா?” “மாறல சார், 20 மில்லிமீட்டர்தான் இறங்குச்சு.” அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.